தாமதமாக வரும் ஆசிரியருக்கு ஒரு மெமோ

"தாங்கள் அடிக்கடி தாமதமாக வருகிறீர்கள். திருத்திக்கொள்ளவும்." சில பள்ளிகளில் ஆசிரியருக்குப் போகும் எச்சரிக்கைக் கடிதம் இவ்வளவுதான். எந்த நாள், எத்தனை நிமிடம் என்று எதுவும் இராது. பின்னால் விசாரணை என்று வந்தால் இந்தக் காகிதம் நிற்காது.

ஒரு தனியார் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். காலை 9 மணிக்கு வரவேண்டிய கணித ஆசிரியை, ஜூலையில் 5 நாள் தாமதம். தலைமையாசிரியர் முதலில் விளக்கம்தான் கேட்க வேண்டும். எச்சரிக்கை அதற்குப் பிறகு. மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவதால் 8.15 பேருந்தைத் தவறவிடுவதாக அவர் எழுதிக் கொடுக்கிறார்.

இனி கடிதம். வருகைப் பதிவேட்டில் உள்ளபடி, ஜூலை 3 அன்று 9.20, ஜூலை 8 அன்று 9.35 என ஐந்து நாளையும் குறிக்க வேண்டும். முன்பு வாய்மொழியாகச் சொன்ன தேதியும் அவரது விளக்கமும் இடம்பெற வேண்டும். 'பொறுப்பற்றவர்' என்ற வசை வேண்டாம். கோபத்தில் எழுதியது என்று காட்டிக்கொடுப்பதே அதுதான்.

அடுத்து உதவி. இரண்டு மாதத்துக்கு அவருடைய முதல் பாடவேளை மாற்றப்படும், 30 நாள் கழித்துப் பதிவேடு மீண்டும் பார்க்கப்படும், அதன் பிறகும் தொடர்ந்தால் ஒழுங்கு நடவடிக்கை என்று தெளிவாகச் சொல்லலாம்.

கடிதம் கைக்கு வந்தால் கையெழுத்துப் போட அஞ்ச வேண்டாம். 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தேதியிட்டால் போதும். அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது.