பெயர் தெரியும் கோடு எது?

பங்கும் பங்காளியும் – தொடர் 9

1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கைகோத்துத் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகார ஆலை ஓசூர் சிப்காட்டில் அமைந்தது. அப்போது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோது அதனோடு போனது. இன்றைக்கும் நிறுவனத்தின் பதிவு அலுவலகம் ஓசூர்தான். இந்த நிறுவனத்தில் யார் யாருக்குப் பங்கு இருக்கிறது என்பதை ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 21 நாளுக்குள் பங்குச் சந்தைகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது செபியின் விதி. அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் டைட்டனில் பங்கு வைத்திருக்கும் லட்சக்கணக்கானோரில் ஒரு கைப்பிடி ஆட்களின் பெயர்தான் அதில் இருக்கும். பொதுப் பங்குதாரராக இருப்பவர் மொத்தப் பங்கில் 1 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் பெயர் வரும். குறைந்தால் ‘தனிநபர்கள்’ என்ற கூட்டுத் தொகைக்குள் கரைந்துவிடுவார்.

அந்த 1 சதவீதம் எவ்வளவு பெரியது என்பதை டைட்டனை வைத்தே அளந்து பார்க்கலாம். நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் சுமார் 88.78 கோடி, அதில் ஒரு சதவீதம் என்றால் ஏறக்குறைய 88.78 லட்சம் பங்குகள். பங்கு ஒன்று 2,000 ரூபாய் என்று வைத்தாலும் 1,775 கோடி ரூபாய்ச் சொத்து. 2022 ஜூன் காலாண்டுப் பட்டியலில் ராகேஷ் ஜுன்ஜுன்வாலா பெயரில் 3.98 சதவீதமும் அவர் மனைவி ரேகா பெயரில் 1.07 சதவீதமும் இருந்தன. ரேகாவின் பங்குகள் சுமார் 95.4 லட்சம். அதில் ஏறக்குறைய 6.6 லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலாக விற்றிருந்தால் போதும், அவர் பெயர் பட்டியலிலிருந்து காணாமல் போயிருக்கும். மீதி 88 லட்சத்துச் சொச்சம் பங்குகள் அவரிடமே இருந்திருக்கும். ‘பெரிய முதலீட்டாளர் வெளியேறிவிட்டார்’ என்று சந்தையில் கிளம்பும் பேச்சில் எத்தனையோ இப்படிக் கோட்டுக்குக் கீழே இறங்கிய கதைதான். பட்டியலில் பெயர் இல்லை என்பதற்குப் பங்கு இல்லை என்று பொருளில்லை.

அதே பட்டியலின் மேல்பகுதிக்கு வேறு கணக்கு. நிறுவனத்தைத் தொடங்கி நடத்துவோர், அதாவது புரமோட்டர் தரப்பு, எவ்வளவு குறைவாக வைத்திருந்தாலும் பெயர் வந்தாக வேண்டும். டிட்கோவின் 27.88 சதவீதத்தோடும் டாடா சன்ஸின் 20.84 சதவீதத்தோடும், அரை சதவீதத்துக்குச் சற்று மேல் மட்டுமே வைத்திருக்கும் எவர்ட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற டாடா நிறுவனமும் தனி வரியில் நிற்கிறது. 0.99 சதவீதம் வைத்திருக்கும் பொதுமுதலீட்டாளருக்கு அந்த வரி கிடையாது. பெயரை வெளியே கொண்டுவருவது சதவீதத்தின் அளவு மட்டுமில்லை. அந்தச் சதவீதத்தை யாருடைய வரிசையில் வைத்து எண்ணுகிறோம் என்பதும்தான். அடுத்த கோடான 5 சதவீதத்தில் இது இன்னும் துலக்கமாகிறது. பங்கு கையகப்படுத்தல் தொடர்பான 2011ஆம் ஆண்டு செபி விதிமுறைப்படி 5 சதவீதத்தைத் தொட்டவர் இரண்டு வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். இதற்குச் சேர்ந்து செயல்படுவோரின் பங்குகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஜுன்ஜுன்வாலா தம்பதியைத் தனித்தனியே எடுத்தால் இருவருமே 5க்குக் கீழே. கூட்டினால் 5.05.

பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனங்களுக்கு வருவோம். அங்கே பங்குதாரர் பதிவேட்டில் ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் பெயரோடு இருப்பார். ஆனால் அந்தப் பெயர் இன்னொரு கம்பெனியுடையதாக இருந்தால், அதன் பின்னால் இருக்கும் மனிதர் யார்? இதற்காகத்தான் 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 90ஆம் பிரிவு, ‘குறிப்பிடத்தக்க பயனுரிமையாளர்’ என்ற வகையை வைத்திருக்கிறது. சட்டம் 25 சதவீதம் என்றோ, அரசு விதியில் குறிக்கும் வேறு சதவீதம் என்றோ சொல்ல, விதி அதை 10 ஆக்கியது. 2019 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, அப்படிப்பட்டவர் BEN-1 படிவத்தில் கம்பெனிக்கு அறிவிக்க வேண்டும். கம்பெனி 30 நாளுக்குள் BEN-2 படிவத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்து, BEN-3 என்ற பதிவேட்டிலும் எழுதி வைக்க வேண்டும்.

10 சதவீதம் கறாரான கோடு போலத் தெரிகிறது. எண்ணும் முறையில்தான் ஓட்டை இருக்கிறது. தருமபுரியில் ஒரு கிரானைட் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 10 சதவீதத்தை ‘அ’ என்ற கம்பெனியும் 60 சதவீதத்தை ‘ஆ’ என்ற கம்பெனியும் வைத்திருக்கின்றன. ‘அ’ கம்பெனியில் முத்து என்பவருக்கு 51 சதவீதம். ‘ஆ’ கம்பெனியில் வேலு என்பவருக்கு 49 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் கிரானைட் கம்பெனியில் முத்துவின் பொருளாதாரப் பங்கு 5.1 சதவீதம், வேலுவுக்கு 29.4 சதவீதம். பதிவேட்டில் வருவது முத்துவின் பெயர். இடையில் கம்பெனி இருந்தால் அதில் பாதிக்கு மேல் வைத்திருப்பவரின் கணக்கில்தான் முழுப் பங்கையும் சேர்க்க வேண்டும் என்கிறது விதி; பாதியைத் தாண்டாதவரின் கணக்கில் அந்த வழியில் எதுவும் சேராது. கோட்டை 10இலிருந்து 5க்கு இறக்கினாலும் வேலு வெளியேதான் நிற்பார்.

பங்கைத் தாண்டி ‘கட்டுப்பாடு’, ‘குறிப்பிடத்தக்க செல்வாக்கு’ என்ற அளவுகோல்களும் விதியில் உண்டே, வேலுவை அதில் பிடிக்கலாமே என்று கேட்கலாம். பிடிக்கலாம்தான். 2024 மே மாதத்தில் டெல்லி கம்பெனிப் பதிவாளர், லிங்க்ட்இன் இந்திய நிறுவனத்தின் விஷயத்தில் சத்யா நாதெல்லாவைப் பயனுரிமையாளராகக் கருதி, அறிவிக்காததற்காக 2 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார். மைக்ரோசாஃப்ட் தலைவரின் பெயரும் அதிகாரப் படிநிலையும் ஊரறிந்தவை. யாரும் அறியாத வேலுவின் விஷயத்தில், அவர் சொல்லைக் கேட்டுத்தான் ‘ஆ’ கம்பெனி நடக்கிறது என்பதை யாராவது ஆவணத்தோடு காட்ட வேண்டும். சதவீதத்தைக் கூட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். செல்வாக்கை நிரூபித்தாக வேண்டும்.

எல்லாப் பெயரையும் ஊருக்குச் சொன்னால் தனியுரிமை என்னாவது என்ற மறுப்பும் வலுவானதே. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2022 நவம்பர் 22இல், பயனுரிமையாளர் பதிவேட்டைப் பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்துவிடும் விதி செல்லாது என்றது இந்தக் காரணத்தால்தான். இந்தியச் சட்டம் ஏற்கெனவே அந்த எச்சரிக்கையோடு இருக்கிறது: BEN-3 பதிவேட்டைப் பார்க்கும் உரிமையை 90ஆம் பிரிவு கம்பெனியின் பங்குதாரருக்குத் தருகிறது. ஆகவே என் கோரிக்கை கதவை அகலத் திறக்கச் சொல்வதன்று. இடைக் கம்பெனியில் பாதிக்கு மேல் என்ற விதியை அப்படியே வைத்துக்கொண்டு, அடுக்கடுக்காகப் பெருக்கி வரும் உண்மையான சதவீதத்தையும் 10 சதவீதக் கணக்கில் சேர்த்தால் போதும். முத்துவின் கட்டுப்பாடும் பதிவாகும், வேலுவின் 29.4 சதவீதமும் பதிவாகும்.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீங்கள் ஒரு கம்பெனியில் ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும், BEN-3 பதிவேட்டைக் காட்டுங்கள் என்று அதன் பதிவு அலுவலகத்தில் கேட்கலாம். ஒரு தடவை பார்க்க 50 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்க அவர்களுக்கு அதிகாரமில்லை. கேளுங்கள்.

(தொடரும்)