குரூப் போட்டோவை கார்ட்டூன் போஸ்டராக்குவது எப்படி? 38 முகமும் தெரிய வேண்டுமே!

"டீச்சர், இதுல நான் எங்க இருக்கேன்?" பிளஸ் 2 மாணவர் ஒருவர் போனைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. அவர் கடைசி வரிசையில்தான் நின்றிருந்தார். ஆனால் படத்தில் அவருக்கும் பக்கத்தில் நின்றவருக்கும் ஒரே முகம்.

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பிரிவு உபசார விழாவுக்காக அந்த வகுப்பின் ஆசிரியை செய்துபார்த்த முதல் முயற்சி அது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்த குரூப் போட்டோவை எடுத்து, போனில் இருந்த கார்ட்டூன் ஃபில்டரில் போட்டார். அரை நிமிடத்தில் படம் வந்துவிட்டது. பின்வரிசையில் இருந்தவர்களுக்கோ மூக்கும் இல்லை, உதடும் இல்லை. போதாக்குறைக்கு எல்லோரும் ரெண்டு சுற்று வெளுத்திருந்தார்கள்.

சிக்கல் போட்டோவில்தான் இருந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரண தரத்தில் அனுப்பும் படத்தின் நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். வரிசைக்கு 14 பேர் என்றால் ஒருவருக்குக் கிடைப்பது 114 பிக்சல். அதில் தோள் போக, முகத்துக்கு மிஞ்சுவது 50 பிக்சல்தான். இந்த வகை ஃபில்டர், பக்கத்துப் பக்கத்து நிறங்களை ஒன்றாக்கி, ஓரங்களில் மட்டும் கறுப்புக் கோடு போடும். 50 பிக்சல் முகத்தில் அப்படிச் செய்தால் மூக்கும் கன்னமும் ஒரே நிறத் திட்டாகிவிடும்.

எனவே ஆசிரியை ஸ்டுடியோக்காரரிடம் கேமராவில் இருந்த ஒரிஜினல் ஃபைலையே கேட்டார். 6000 பிக்சல் அகலம். அதை போட்டோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னார். அப்படி அனுப்பினால் படம் சுருங்காது. இப்போது ஒரு முகத்துக்கு சுமார் 190 பிக்சல். புருவத்தின் வளைவு வரை தெரிந்தது.

அடுத்து, ஃபில்டரை விட்டுவிட்டுக் கையால் வரைய ஆரம்பித்தார். வரையும் ஆப் ஒன்றில் போட்டோவைக் கீழ் லேயராக வைத்து மங்கலாக்கி, மேலே புது லேயரில் கோடு இழுத்தார். முகத்துக்குக் கால் மணி நேரம். மாணவர்கள் 38, ஆசிரியர்கள் 6 என்று மொத்தம் 44 முகம். ஆக 11 மணி நேரம். தினமும் ராத்திரி மூன்று, நான்கு முகம் என்று இரண்டு வாரத்தில் முடித்தார்.

கோடு மட்டும் இருந்த படத்தை, நிறமோ பெயரோ இல்லாமல், சக ஆசிரியர் ஒருவரிடம் காட்டினார். அவர் 29 மாணவர்களைச் சரியாகச் சொன்னார். தெரியாமல் போன 9 பேரில் 7 பேர் பின்வரிசை. காரணம் புரிந்தது. போகப் போகக் கை பழகி, எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கண்ணைப் போட்டிருந்தார். நமக்கு ஆளைக் காட்டிக்கொடுப்பதில் கண்ணுக்கு மட்டுமல்ல, நெற்றியில் முடி தொடங்கும் கோடு, காது, புருவம், தாடை ஆகியவற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. அந்த 9 பேருக்கும் இவற்றை முதலில் வரைந்து, கண்ணைக் கடைசியில் வைத்தார்.

கார்ட்டூன் என்றால் எதையாவது மிகைப்படுத்தத்தான் வேண்டும். எதை என்பதில்தான் கவனம். பல்லையோ உடல் பருமனையோ நிறத்தையோ அவர் தொடவில்லை. ரெட்டை ஜடையையும் தடித்த கண்ணாடியையும் ஒருவன் எப்போதும் காதில் சொருகும் பேனாவையும் பெரிதாக்கினார். அதையும் வரைவதற்கு முன் "இதைப் போடலாமா?" என்று கேட்டுக்கொண்டார். ஒரு மாணவி, "கண்ணாடி வேணாம் மிஸ்" என்றார். எடுத்துவிட்டார்.

நிறத்தை ஒவ்வொருவர் கன்னத்திலிருந்தும், வெயில் படாத பக்கமாகப் பார்த்து, 'கலர் பிக்கர்' மூலம் எடுத்தார். 6 அடிக்கு 4 அடி ஃப்ளெக்ஸ் என்பதால் அங்குலத்துக்கு 72 பிக்சல் கணக்கில் 5184-க்கு 3456 என்று கேன்வாஸ் வைத்திருந்தார். தூரத்தில் நின்று பார்க்கும் பேனருக்கு இது போதும்.

முழுசாக அடிக்கும் முன் நாலு முகம் உள்ள ஒரு துண்டை மட்டும் அடித்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. போன் திரை தானே ஒளிவிடும், ஃப்ளெக்ஸுக்கு அது கிடையாது. மாநிறம் எல்லாம் கறுத்துத் தெரிந்தது. நிற லேயரின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி ஒரு துண்டு அடித்துப் பார்த்தபிறகே முழுப் படத்தைக் கொடுத்தார். வளையம் அடிக்கும் ஓரத்தில் யாருடைய பெயரும் மாட்டாமல் இருக்கச் சுற்றிலும் 2 அங்குலம் இடமும் விட்டார்.

போட்டோ எடுத்த அன்று இரண்டு பேர் லீவு. வழக்கமாக இப்படி வராதவர்களை மூலையில் ஒரு வட்டத்துக்குள் ஒட்டுவார்கள். கார்ட்டூனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்த இருவரையும் தனியாகப் போட்டோ எடுத்து, பின்வரிசையில் அவர்களுடைய கூட்டாளிகளுக்கு நடுவிலேயே நிறுத்தினார். முதல் நாள் "நான் எங்க?" என்று கேட்ட பையனின் தோளில்தான் அதில் ஒருவனின் கை இருந்தது.