தொண்ணூறு கிலோ சக்கரமும் ஒற்றை வளையமும்

கிணற்றடியில் ஓடும் பழைய ஆயில் எஞ்சினின் பக்கத்தில் கனத்த வார்ப்பிரும்புச் சக்கரம் ஒன்று சுற்றும். அதுதான் ஃப்ளைவீல். பிஸ்டன் மேலோ கீழோ நான்கு முறை நகர்ந்தால், அதில் ஒரு முறைதான் வெடிப்பு தள்ளுகிறது. மிச்ச மூன்று முறையும் பம்பை ஓட்டுவது இந்தச் சக்கரம் சேர்த்து வைத்த ஆற்றல். அது எவ்வளவு சேர்க்கும் என்பதைத் தராசில் நிறுத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே எடையுள்ள இரண்டு சக்கரங்களில் ஒன்று எஞ்சினைச் சீராக ஓட்டும், இன்னொன்று திணற விடும்.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதே எடை இரும்பை மெல்லிய ஒரே வளையமாக ஆக்கி மாட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வளையம் எந்த ஆரத்தில் இருந்தால் எஞ்சினுக்கு வித்தியாசமே தெரியாது? அந்த ஆரத்துக்குச் சுழற்சி ஆரம் என்று பெயர். கணக்கில் அதை k என்று எழுதுவார்கள்.

சராசரி எடுத்தால் போதுமே என்று தோன்றும். போதாது. அச்சிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி இருக்கும் இரும்புத் துணுக்கு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது சேர்க்கும் ஆற்றல் நான்கு மடங்கு. அதனால் ஆரங்களை அல்ல, ஆரங்களின் வர்க்கங்களைச் சராசரி எடுத்து, பிறகு வர்க்கமூலம் காண வேண்டும்.

90 கிலோ சக்கரம் ஒன்றைக் கணக்குக்கு எடுப்போம். வெளி விளிம்பு 60 கிலோ. அதன் உள் ஆரம் 24, வெளி ஆரம் 30 செ.மீ. நடுக் குடம் 12 கிலோ. ஆரம் 7 செ.மீ., அச்சுத் துளையின் ஆரம் 2.5 செ.மீ. இரண்டையும் இணைக்கும் ஆறு ஆரக்கால்கள் சேர்ந்து 18 கிலோ. அவை நெடுகிலும் ஒரே தடிமன் என்று கொள்வோம்.

விளிம்புக்கு வர்க்கச் சராசரி எளிது: 30-இன் வர்க்கம் 900, 24-இன் வர்க்கம் 576, இரண்டுக்கும் நடு 738. குடத்துக்கும் அதே வழியில் 27.6 வரும். ஆரக்கால்கள் 7 செ.மீ. முதல் 24 செ.மீ. வரை நீள்பவை, அவற்றுக்கு 264. ஒவ்வொன்றையும் அதனதன் எடையால் பெருக்கினால் விளிம்பு 44,280, ஆரக்கால்கள் சுமார் 4,760, குடம் வெறும் 330. கூட்டி 90-ஆல் வகுத்தால் 548.5. அதன் வர்க்கமூலம் 23.4 செ.மீ. குடம், ஆரக்கால், விளிம்பு எல்லாம் மறைந்து 23.4 செ.மீ. ஆரமுள்ள ஒரு வளையம் மிஞ்சுகிறது.

எடையில் மூன்றில் இரண்டு பங்கான விளிம்புதான் மொத்த வேலையில் பத்தில் ஒன்பது பங்கைச் செய்கிறது. குடத்தின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. குடத்தைத் தடிப்பாக்கி இன்னும் 5 கிலோ சேர்த்தால் சக்கரம் 95 கிலோ ஆகும், ஆனால் சேர்க்கும் ஆற்றல் 0.3 சதவீதம்தான் கூடும். சுழற்சி ஆரமோ 22.8 செ.மீ.க்குச் சுருங்கிவிடும். கனமான சக்கரம் என்றாலே நல்ல சக்கரம் என்று விலை பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வெறும் ஆரங்களைச் சராசரி எடுத்திருந்தால் ஏறக்குறைய 22 செ.மீ. வந்திருக்கும், ஆற்றல் கணக்கில் எட்டில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும்.

வளையம் கிடைத்ததும் மற்ற கணக்குகள் சுருங்குகின்றன. எஞ்சின் 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று என்று வையுங்கள். 23.4 செ.மீ. ஆரத்தில் வேகம் நொடிக்கு 15.9 மீட்டர். 90 கிலோ எடை அந்த வேகத்தில் நேர்கோட்டில் ஓடினால் என்ன ஆற்றலோ அதுதான் சக்கரத்திடம் இருப்பது: ஏறக்குறைய 11,400 ஜூல். இரண்டு சுற்றில் எஞ்சின் தருவது 826 ஜூல். தள்ளாத முக்கால் பகுதிக்குச் சக்கரம் சுமார் 620 ஜூல் கொடுக்க வேண்டும். அது கையிருப்பில் 5.4 சதவீதம், வேகத்தில் அதன் பாதி, 2.7 சதவீதம் குறையும். 650 சுற்று 632 சுற்றாக இறங்கி, அடுத்த வெடிப்பில் மீளும். காற்றை அமுக்கும் ஸ்ட்ரோக்கில் போய்வரும் ஆற்றலை இங்கே விட்டுவிட்டேன். அதையும் சேர்த்தால் ஏற்ற இறக்கம் இன்னும் கூடும்.

வரைபடம் இல்லாத பழைய சக்கரத்துக்கு என்ன செய்வது? ஊஞ்சலாட்டிப் பார்க்கலாம். தொங்கும் பொருளின் ஆட்டத்தை இப்படி ஆராய்ந்து அறிவியலாளர் ஹைகன்ஸ் 1673-இல் நூலே வெளியிட்டார். ஆங்கிள் இரும்பின் கூர் விளிம்பை மேல்நோக்கி வைத்து, இரண்டு ஆரக்கால்களுக்கு நடுவே விளிம்பின் உட்புறம் அதன்மேல் உட்காரும்படி சக்கரத்தைத் தொங்கவிட்டு, சக்கரத்தின் தளத்திலேயே மெல்ல ஆட்ட வேண்டும். போய்த் திரும்பும் நேரம் T, தொங்கும் புள்ளியிலிருந்து நடுவுக்குள்ள தூரம் h என்றால்:

k² = gT²h/4π² − h²

நம் சக்கரத்தில் h 24 செ.மீ. ஐம்பது ஆட்டத்துக்கு 68.65 நொடி ஆகும்; ஓர் ஆட்டம் 1.373 நொடி. சூத்திரத்தில் போட்டால் மறுபடி 23.4.

இந்தச் சோதனையில் ஒரு வசதி உண்டு. தொங்கும் தூரம் சுழற்சி ஆரத்துக்கு மிக அருகில் இருப்பதால், தூரத்தை அளப்பதில் 2 மி.மீ. பிழை நேர்ந்தாலும் விடை ஒரு மி.மீ.-இல் இருபதில் ஒரு பங்குதான் நகரும். நேரம் அப்படியல்ல. ஐம்பதுக்குப் பதில் பத்து ஆட்டத்தோடு நிறுத்தி, கைக்கடிகாரம் 0.2 நொடி தவறினால் விடை 7 மி.மீ. தவறும். எண்ணும்போது ஓர் ஆட்டம் விட்டுப்போனால் 24.4 செ.மீ. என்று வரும். அதனால் மூன்று முறை எடுக்க வேண்டும். ஒன்று மட்டும் ஒரு முழு ஆட்ட நேரம் தள்ளி நின்றால் எண்ணிக்கைதான் பிசகியிருக்கிறது. பெரிதாக ஆட்டவும் கூடாது. பக்கத்துக்கு 20 டிகிரி போனாலே நேரம் 0.8 சதவீதம் நீளும்.

சக்கரத்தின் ஒரு பக்கம் வார்ப்பில் கனத்துப்போயிருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. எந்த ஆரக்கால் இடைவெளியில் தொங்கவிட்டாலும் நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். வளையம் எல்லாப் பக்கமும் சமமானது என்பதே அதன் கற்பனை. கனத்த பக்கத்தைப் பிடிக்க, சக்கரத்தைத் தண்டோடு இரண்டு மட்டமான தண்டவாளங்களில் உருளவிட வேண்டும். கனமான பக்கம் ஒவ்வொரு முறையும் அடியில் வந்து நிற்கும்.

இதைவிட ஆபத்தான குழப்பம் பாதுகாப்பு வேகத்தில் வருகிறது. வார்ப்பிரும்பு விளிம்பை நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது பழைய பொறியாளர்களின் நடைமுறை. அந்த வேகம் அசலான வெளி விளிம்பில், 30 செ.மீ. ஆரத்தில் அளக்க வேண்டியது. யாராவது நம் வளையத்தின் 23.4 செ.மீ.-இல் அளந்து, அங்கே 30 மீட்டர் வரும்வரை வேகத்தைக் கூட்டினால் விளிம்பு 38 மீட்டரில் ஓடும். இரும்பைப் பிய்க்கும் இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், அங்கே அது வரம்பைப் போல் 1.6 மடங்கு.