எந்த வாசகம் விற்றது?

சென்னிமலைப் போர்வை விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு போர்வை 450 ரூபாய், இரண்டாக எடுத்தால் 700. இந்தச் சலுகையைக் கடைக்காரர் தன் பழைய வாடிக்கையாளர்கள் 2,000 பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப நினைக்கிறார். படத்துக்குக் கீழே போட அவரிடம் இரண்டு கேப்ஷன்கள் இருக்கின்றன. முதலாவது: “இரண்டு போர்வை எடுத்தால் 200 ரூபாய் மிச்சம்! ஞாயிறு வரை மட்டும்.” இரண்டாவது: “இரண்டு போர்வை 700 ரூபாய். தனித்தனியே எடுத்தால் 900. ஞாயிறு வரை மட்டும்.” சலுகை ஒன்றுதான். முதல் வாசகம் மிச்சத்தைச் சொல்கிறது, இரண்டாவது விலையைச் சொல்கிறது. எது நன்றாக விற்கும்?

பலரும் செய்வது, இந்த வாரம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வாரம் மற்றதைப் போட்டுப் பார்ப்பது. அது வாசகங்களுக்கு இடையே நடக்கும் போட்டி ஆகாது. ஒரு வாரம் சம்பளம் வந்த வாரமாக இருக்கும், ஒரு வாரம் மழை பிடித்துக்கொண்டிருக்கும். போர்வை விற்றது மழையாலா வாசகத்தாலா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே படத்தோடு போக வேண்டும். யாருக்கு எது போகிறது என்பதில் கடைக்காரரின் விருப்பு வெறுப்பும் இருக்கக் கூடாது. அடிக்கடி வாங்குகிறவர்கள் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால் எல்லாம் வீண். கைபேசி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் முதல் வாசகம், இரட்டைப்படையானால் இரண்டாவது என்று பிரிப்பது எளிய வழி. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஆயிரம் பேர் சேர்ந்துவிடுவார்கள்.

யார் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதைக் கடைசிவரை மாற்றக் கூடாது. முதல் பட்டியலில் இருப்பவருக்கு இரண்டாவது வாசகத்தை அவர் அக்கா அனுப்பி, அதைப் பார்த்து அவர் வாங்கியிருக்கலாம். அப்போதும் அவர் முதல் பட்டியலின் கணக்கிலேயே வருவார். குலுக்கிப் போட்ட பிரிவினைதான் இந்தச் சோதனையின் உயிர். பிறகு நாமாக ஆட்களை இடம் மாற்றினால் அது போய்விடும்.

இந்த வகைக் கணக்கு இணையத்தோடு பிறந்ததல்ல. அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923இல் வெளியிட்ட புத்தகத்தில், கூப்பன்களில் அடையாளக் குறி போட்டு, எந்த விளம்பரத்தைப் பார்த்து எத்தனை பேர் எழுதிப்போட்டார்கள் என்று எண்ணும் முறையை வலியுறுத்தினார். ஆனால் எதை எண்ணுவது என்பதில்தான் இன்றும் பலர் தடுமாறுகிறார்கள்.

நம் கடையில் ஞாயிறு இரவு கிடைத்த கணக்கு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாசகத்தைப் பார்த்து 84 பேர் விசாரித்தார்கள், 21 பேர் வாங்கினார்கள். இரண்டாவதைப் பார்த்து 58 பேர் விசாரித்தார்கள், 24 பேர் வாங்கினார்கள். விசாரிப்பைப் பார்த்தால் முதலாவது ஜெயித்த மாதிரி இருக்கிறது, விற்பனையைப் பார்த்தால் இரண்டாவது. முடிவு வந்த பிறகு நமக்குப் பிடித்த எண்ணைத் தேர்ந்தெடுத்தால் எந்த வாசகத்தையும் ஜெயிக்க வைத்துவிடலாம். அதனால் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது என்பதை அனுப்புவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். கடைக்கு வேண்டியது விற்பனை. லைக், பார்வை, விசாரிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் 24 வாங்கிய வாசகம் 21 வாங்கியதை வென்றதா? இதற்குப் பதில் சொல்வதற்கு முன் இன்னொரு கேள்வியைக் கேட்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே வாசகத்தை அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? 21, 21 என்று சமமாக வந்திருக்காது. ஒருவர் அன்று ஊரில் இருந்திருக்க மாட்டார், இன்னொருவர் வீட்டில் கல்யாணம் வந்திருக்கும். பக்கத்துக்குச் சராசரியாக 20 பேர் வாங்கக்கூடிய இடத்தில், வாசகத்தில் ஓர் எழுத்துகூட மாறாமலே, எட்டோ அதற்கு மேலோ வித்தியாசம் ஐந்தில் ஒரு தடவைக்குக் குறையாமல் வந்துவிடும். 24க்கு 16 என்று பார்த்தால் யாருக்கும் பெரிய வெற்றியாகத்தான் தோன்றும். அதுகூட வெறும் தற்செயலாக இருக்கலாம்.

தற்செயலையும் உண்மையையும் பிரித்துப் பார்க்க ஒரு கைக்கணக்கு உண்டு. இரண்டு எண்களையும் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் அந்த விடையைத் தாண்ட வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவு ஆட்கள், அவர்களில் சிறு பங்கினரே வாங்குகிறார்கள் என்ற இடத்தில் இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். 21ம் 24ம் சேர்ந்து 45. அதன் வர்க்கமூலம் சுமார் 6.7, இரட்டிப்பு 13.4. வித்தியாசமோ 3. விற்பனையில் இந்த இரண்டு வாசகங்களில் எது மேல் என்று சொல்ல இந்தச் சோதனையால் முடியவில்லை என்பதே சரியான தீர்ப்பு. விசாரிப்பில் மட்டும் வித்தியாசம் 26. எல்லைக்கோடு 24க்குக் கொஞ்சம் கீழே. மயிரிழையில் தாண்டுகிறது. உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத வாசகங்களும் நூற்றுக்கு ஐந்து தடவை இந்தக் கோட்டைத் தாண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

விசாரித்தவர்களில் எத்தனை பங்கு வாங்கினார்கள் என்று பார்த்து இரண்டாவதைத் தூக்கிப்பிடிக்கச் சிலருக்குத் தோன்றும். முதலாவதில் நாலில் ஒருவர், இரண்டாவதில் ஐந்தில் இருவர் அல்லவா? ஆனால் குலுக்கிப் பிரித்தது ஆயிரம் ஆயிரம் பேரைத்தான், விசாரித்தவர்களை அல்ல. விலை தெரியாமல் “எவ்வளவு?” என்று கேட்டவர்களும், 700 என்று தெரிந்தே வந்தவர்களும் வேறு வேறு ரகம். அவர்களை அருகருகே நிறுத்தி வாசகத்தின் பலத்தை அளக்க முடியாது. கணக்கு எப்போதும் அனுப்பிய ஆயிரத்துக்கு எத்தனை என்பதுதான்.

இதைவிடப் பெரிய சறுக்கல் அவசரத்தால் வருவது. வெள்ளி இரவே முதல் வாசகம் 10, இரண்டாவது 4 என்று இருந்திருந்தால் கடைக்காரர் முதலாவதற்கு மாலை போட்டுச் சோதனையை அங்கேயே முடித்திருப்பார். அடிக்கடி எட்டிப் பார்த்து, கோட்டைத் தாண்டிய கணத்தில் நிறுத்திக்கொள்வது ஏமாற்றும். நூற்றுக்கு ஐந்து என்ற தவறு வாய்ப்பு, பத்துத் தடவை எட்டிப் பார்த்து நிறுத்தும் பழக்கத்தில் 19க்கு ஏறிவிடும் என்பது புள்ளியியலில் பழைய கணக்கு. ஞாயிறு என்று சொன்னால் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாயிரம் பேர் இதற்குப் போதவில்லை என்பதும் தெளிவு. நூற்றுக்கு இரண்டு பேர் வாங்கும் இடத்தில் அதை மூன்றாக்கும் வாசகத்தை ஓரளவு நம்பிக்கையோடு கண்டுபிடிக்க, பக்கத்துக்கு ஏறக்குறைய நாலாயிரம் பேர் வேண்டும். சிறு கடைக்கு அது பெரிய எண். அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. விலையைச் சொல்வதா மிச்சத்தைச் சொல்வதா என்ற அதே கேள்வியை, தலையணை உறைக்கும் துண்டுக்கும் புதிதாகக் குலுக்கிப் பிரித்துத் திரும்பக் கேட்டு, எல்லா முடிவுகளையும் சேர்த்துக் கூட்டலாம். எத்தனை சுற்று என்பதை முன்பே தீர்மானித்துவிட வேண்டும், தோற்ற சுற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதுவரை என்ன செய்வது? நானாக இருந்தால் இரண்டாவது வாசகத்தைப் போடுவேன். விற்பனையில் குறை தெரியவில்லை, விலை கேட்டு வரும் செய்திகளுக்குப் பதில் எழுதும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் காசு கொடுத்து விளம்பரம் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு விளம்பரங்களைச் சும்மா சேர்த்துப் போட்டால், ஆரம்பத்தில் முந்தியதாகத் தெரிவதற்கே அந்த நிறுவனத்தின் கணினி பணத்தைத் திருப்பிவிடும். அதற்கென உள்ள ஏ/பி சோதனை வசதி, ஒருவர் ஒன்றை மட்டுமே பார்க்கும்படி ஆட்களைப் பிரிக்கிறது. ஆனால் பிரித்த பிறகும், எந்த விளம்பரத்தை யார் விரும்புவார் என்று கணித்து அவரவருக்கே காட்டுகிறது. அமெரிக்கச் சந்தையியல் பேராசிரியர்கள் மைக்கேல் பிரானும் எரிக் ஷ்வார்ட்ஸும் இந்தச் சிக்கலை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். “மிச்சம்” என்ற வாசகத்தை ஒரு வகை ஆட்களும் “700” என்பதை வேறு வகை ஆட்களும் பார்த்திருந்தால், வென்றது வாசகமா, பார்த்த ஆட்களா என்று அந்தத் திரையில் வரும் எண்ணால் சொல்ல முடியாது. அந்தத் தளத்தில் அந்த விளம்பரத்துக்குக் கொடுத்த காசுக்கு எது அதிகம் ஈட்டியது என்பதற்கு மட்டும் அது விடை. அதே வாசகத்தை எடுத்துக் கடை வாசல் பேனரில் அடிப்பதற்கு அது ஆதாரம் இல்லை.