எந்த பிட் மாறியது? கர்னலைக் கேளுங்கள்

மெமரியில் ஒரு பிட் தானாகவே மாறிப்போவதைப் பற்றி இந்த வாரம் பேசினோம். மாறியது எந்த பிட் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும் என்பதை ஆடியோவில் சொல்ல முடியலை. அதுக்குப் பேப்பரும் பேனாவும் வேணும். எடுத்துக்கோங்க.

பெல் லேப்ஸில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் வெளியிட்ட வழி இது. 7 பிட் கொண்ட எல்லா வரிசைகளையும் எடுத்துக்கொள்வோம். மொத்தம் 128. இரண்டு வரிசைகளை இடத்துக்கு இடம் எக்ஸார் செய்தால் இன்னொரு 7 பிட் வரிசை கிடைக்கும். ஒரே பிட் என்றால் 0, வேறு வேறு என்றால் 1, எக்ஸார் அவ்வளவுதான். இது ஒரு குரூப். எல்லாமே 0 ஆன வரிசைதான் இதன் ஐடென்டிட்டி. இரண்டாவது குரூப் இதைவிடச் சின்னது: 0 முதல் 7 வரையுள்ள எண்கள். அவற்றை மூன்று பிட்டாக எழுதி எக்ஸார் செய்கிறோம்.

முதல் குரூப்பிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் மேப்பை s என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் 1 இருக்கும் இடங்களின் எண்களை எல்லாம் எக்ஸார் செய்தால் வருவதுதான் s.

```python
def s(x):
    r = 0
    for i, b in enumerate(x, 1):
        if b: r ^= i
    return r
```

1110000 என்ற வரிசையில் 1, 2, 3 ஆகிய இடங்களில் 1 இருக்கு. 001 ⊕ 010 ⊕ 011 = 000. அதனால் s = 0.

இது ஹோமோமார்பிசமா? s(x ⊕ y) = s(x) ⊕ s(y) என்பது எல்லா x, y-க்கும் சரியாக வரணும். ஏதாவது ஓர் இடம் i-யை மட்டும் பாருங்க. x, y இரண்டில் ஒன்றில் மட்டும் அங்கே 1 இருந்தால், இரு பக்கமும் i ஒரு முறை வரும். இரண்டிலும் 1 இருந்தால், இடது பக்கம் அந்த இடம் 0 ஆகிவிடும். வலது பக்கம் i ⊕ i, அதுவும் 0. இரண்டிலும் 0 என்றால் பேச்சே இல்லை. எல்லா இடத்துக்கும் இதே கதைதான். ஆக, ஹோமோமார்பிசம்தான்.

ஐடென்டிட்டி ஐடென்டிட்டிக்குப் போகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடக் கூடாது. எக்ஸாருக்குப் பதிலாக இட எண்களைச் சாதாரணமாகக் கூட்டி, 8-ஆல் வகுத்து மீதி எடுத்தாலும் 0000000-க்கு 0 தான் வரும். ஆனால் x = 1000000 எடுங்க. x ⊕ x எல்லாம் 0, அதன் மதிப்பு 0. தனித்தனியாக எடுத்துக் கூட்டினால் 1 + 1 = 2. அங்கேயே உடைஞ்சிடுச்சு.

அடுத்து இமேஜ். i-ஆம் இடத்தில் மட்டும் 1 உள்ள வரிசைக்கு s = i. அப்படி 1 முதல் 7 வரை எல்லாமே வந்துவிடுகிறது, கூடவே 0-வும். ஆக, இமேஜ் என்பது முழு இரண்டாவது குரூப், 8 எண்கள்.

கர்னல் என்பது s = 0 ஆகும் வரிசைகள். 128-ஐயும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டாம். ஒரே விடை தரும் வரிசைகளை ஒரு கட்டாகக் கட்டினால் 8 கட்டுகள் வரும். கர்னலில் உள்ள எல்லாவற்றோடும் ஒரு வரிசையை எக்ஸார் செய்தால் அந்த வரிசையின் கட்டு முழுவதும் கிடைத்துவிடும். அதனால் எல்லாக் கட்டும் ஒரே அளவு. 128 ÷ 8 = 16. கர்னலில் 16 வரிசைகள்.

ஹாமிங் இந்த 16-ஐ மட்டுமே அனுப்பலாம் என்று வைத்தார். 3, 5, 6, 7 ஆகிய இடங்களில் உங்கள் நாலு பிட் செய்தி; 1, 2, 4 ஆகிய இடங்களை s = 0 வருகிற மாதிரி நிரப்பணும்.

1110000-ஐ அனுப்பினோம், வழியில் 5-ஆவது பிட் மாறி 1110100 ஆகிவிட்டது. இப்போ s = 1 ⊕ 2 ⊕ 3 ⊕ 5 = 5. பிழை இருக்கும் இடத்தையே விடையாகச் சொல்லிவிடுகிறது! காரணம் ஹோமோமார்பிசம்தான்: s(செய்தி ⊕ பிழை) = s(செய்தி) ⊕ s(பிழை). செய்தி கர்னலில் இருப்பதால் அதன் பங்கு 0, மிஞ்சுவது பிழையின் பங்கு மட்டும். பெறுபவருக்குச் செய்தி என்னவென்றே தெரிய வேண்டாம்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 5, 6 இரண்டும் சேர்ந்து மாறினால் 5 ⊕ 6 = 3. கம்ப்யூட்டர் ஒரு தப்பும் செய்யாத 3-ஆவது பிட்டைத் திருப்பிவிடும். வருவது 1100110. அதன் s-ம் 0 தான், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. எட்டாவதாக ஒரு பாரிட்டி பிட் சேர்த்தால் இந்த இரட்டைப் பிழையைத் திருத்த முடியாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம்: s பூஜ்யமில்லை, ஆனால் மொத்த 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்கும்.

பேனா இன்னும் கையில் இருந்தால், 0110011 கர்னலில் இருக்கா என்று பாருங்க.