அந்த வேலையை ஏன் விட்டீர்கள்?

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் டெஸ்டிங் வேலை பார்த்த பெண்ணுக்கு மார்ச் மாதம் வேலை போனது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைச் சுருக்கிக்கொண்டதால், 22 பேர் இருந்த குழுவில் 9 பேரை அனுப்பிவிட்டார்கள். அடுத்த நேர்காணலில் "ஏன் விட்டீங்க?" என்று கேட்டதும் அவருக்குள் இருந்தது எல்லாம் கொட்டிவிட்டது. மேனேஜருக்கு வேண்டியவர்கள் தப்பித்தது, தருவதாகச் சொன்ன போனஸ் வராமல் போனது என்று பத்து நிமிடம் பேசினார்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் எதிரே இருந்தவரால் எதையும் சரிபார்க்க முடியாது. மேனேஜரோடு இவருக்கு ஒத்துப்போகவில்லை என்பதுதான் அவர் காதில் விழுந்தது. வாடிக்கையாளர் போன உண்மைக் காரணம் பேச்சில் அமுங்கிவிட்டது.

அந்தக் கேள்வியைக் கேட்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். ஆள் போனது கம்பெனியின் வரவு செலவாலா, அவருடைய வேலையின் தரத்தாலா? அதைத் தீர்த்துவைப்பது எண்ணிக்கை. ஒருவர் மட்டும் போனால் சந்தேகம் வரும்; ஒன்பது பேர் ஒன்றாகப் போனால் வராது.

அடுத்த நேர்காணலில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "எங்க முக்கிய வாடிக்கையாளர் வேலையைக் குறைச்சுட்டாங்க சார். செலவைக் குறைக்க 22 பேர்ல 9 பேரை மார்ச்ல நிறுத்தினாங்க, அதுல நானும் ஒருத்தி. கடைசி ரெண்டு வாரம் என் வேலையை மீதி இருந்தவங்களுக்குச் சொல்லிக்கொடுத்துட்டுத்தான் வந்தேன்." அரை நிமிடம்கூட ஆகவில்லை. வாடிக்கையாளரின் பெயரை அவர் சொல்லவில்லை. ரகசியம் காப்பார் என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது. "உங்களை ஏன் தேர்ந்தெடுத்தாங்க?" என்று திருப்பிக் கேட்டார்கள். "காரணம் எங்களுக்குச் சொல்லலை சார். என் கடைசி மதிப்பீட்டு அறிக்கை இருக்கு, காட்டுறேன்" என்றார். மதிப்பீடு குறைவாக இருந்தாலும் அதை மறைக்கக் கூடாது. பின்னால் தெரியவந்தால் மற்ற உண்மைகளையும் அது கெடுத்துவிடும்.

பலர் சறுக்கும் இடம் இன்னொன்று உண்டு. ஆள்குறைப்பு என்றாலும் "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்க" என்று கேட்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அப்படி எழுதிக் கொடுத்தவரின் ரிலீவிங் லெட்டரில் ராஜினாமா என்றுதான் இருக்கும். வாயில் ஆள்குறைப்பு, காகிதத்தில் ராஜினாமா என்றால், புதிய நிறுவனம் பழைய இடத்தில் விசாரிக்கும்போது நீங்கள் பொய் சொன்னதாகத் தோன்றும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "ஆள்குறைப்புதான் சார், எல்லாரையும் ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னாங்க." பி.எஃப். கணக்கிலும் வேலையை விட்ட தேதி பதிவாகும்.

நேர்காணலுக்கு முந்தின இரவு ரிலீவிங் லெட்டரை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள். அதில் இருக்கும் தேதியும் நீங்கள் சொல்லப்போகும் தேதியும் ஒன்றாக இருக்கட்டும்.