சோப்பு காயும் வரை

கல்யாணத் தாம்பூலப் பைக்கு 100 கையால் செய்த தேங்காய் எண்ணெய் சோப்பு வேண்டும் என்று ஜனவரி 5 அன்று ஆர்டர் வருகிறது. பொருள் வாங்க 3 நாள், அச்சில் ஊற்றி இறுகவிட்டு வெட்ட 2 நாள், காயவைக்க 30 நாள், பேக்கிங்குக்கு 3 நாள், கூரியருக்கு 4 நாள். மொத்தம் 42 நாள். பிப்ரவரி 16 ஆகிவிடும்.

காயும் நாளைக் குறைக்கவே கூடாது. ஈரம் போகாத சோப்பு குளியலறையில் சீக்கிரம் கரைந்துவிடும். சுருங்குவதால் சுற்றிய காகிதமும் தளரும். ஒரே கட்டியை வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது ஏறக்குறைய நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம்.

பலர் இதைப் பணம் வாங்கிய பிறகே சொல்கிறார்கள். ஆர்டர் ரத்தாவது பெரும்பாலும் அங்கேதான். விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்: "இன்று ஆர்டர் செய்தால் பிப்ரவரி 23-க்குள் கையில் கிடைக்கும்." அந்தக் கூடுதல் ஒரு வாரம் மழைக்கும் கூரியர் தாமதத்துக்கும். "ஆறு வாரம்" என்றால் எந்த நாளிலிருந்து என்ற குழப்பம் வரும். தேதிக்கு அது கிடையாது. வெட்டிய அன்றே போட்டோ அனுப்பினால், காத்திருப்பவருக்கும் நம்பிக்கை வரும்.

முகூர்த்தம் பிப்ரவரி 10 என்றால், அந்த ஆர்டரை வாங்காதீர்கள்.